தையல் மோட்டாரை மெல்லச் சுழல வைப்பது: டிரையாக் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் அதைப் பாதுகாப்பாகச் சோதிக்கும் முறையும்

கையால் சுற்றும் காயில் இயந்திரத்தில் 36 கேஜ் கம்பியை இரண்டாயிரம் சுற்று சுற்றி முடிப்பதற்குள் தோள்பட்டை இற்றுப்போகும். அதனால்தான் பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றைப் பெல்ட் போட்டு அந்த இயந்திரத்தில் பூட்டினேன். ஸ்விட்சைப் போட்ட நொடியிலேயே மோட்டார் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது; கம்பி பட்டென்று அறுந்தது. எனக்கு வேண்டியது வேகம் அல்ல. நின்ற நிலையிலிருந்து மெல்ல உருளத் தொடங்கி, நான் விரும்பும்போது கூடி, விரும்பும்போது குறையும் ஓட்டம் மட்டுமே.

அதற்காக நான் கட்டிய டிரையாக் சுற்றையும் அதைச் சோதித்த வரிசையையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருந்தது. மதிப்புகளையெல்லாம் அந்த அளவுக்கே சொல்கிறேன். மிக்ஸிக்கு வெப்பத்தகட்டில் என்ன மாறும் என்பதை அந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தச் சுற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்யூம் குமிழ் போலத் தோன்றும் அந்தச் சிறிய பொட்டென்ஷியோமீட்டரின் உள்ளே இருப்பதும் வீட்டு மின்சாரம்தான். இதுவரை 12 வோல்ட் அடாப்டரில் மட்டும் வேலை செய்து பழகியவர், வீட்டு மின்இணைப்பில் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைத் தொட வேண்டாம்.

இந்த மோட்டாருக்கு இது ஏன் பொருந்துகிறது

தையல் மோட்டார், மிக்ஸி, கை டிரில் எல்லாமே யுனிவர்சல் மோட்டார்கள். ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்; நடுவே கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரில் உரசிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது ஃபீல்டின் காந்தத் திசையும் ஆர்மேச்சரின் திசையும் சேர்ந்தே மாறுவதால், சுழலும் திசை மாறாது. ஆகவே இது ஏ.சி.யிலும் ஓடும், டி.சி.யிலும் ஓடும். இதன் வேகம் 50 ஹெர்ட்ஸ் என்ற அலைவெண்ணுக்குக் கட்டுப்பட்டதல்ல. கொடுக்கும் மின்னழுத்தத்துக்கும் இழுக்கும் சுமைக்கும் கட்டுப்பட்டது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் குறையும். தண்ணீர் மோட்டாருக்கோ ஃபிரிட்ஜ் கம்பிரசருக்கோ இந்தப் பேச்சு செல்லாது. அவை இண்டக்ஷன் மோட்டார்கள். இந்தச் சுற்றைப் போட்டால் முக்கிக்கொண்டு நின்று சூடேறி எரியும்.

டிரையாக் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, நறுக்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றும் 10 மில்லி விநாடி நீளம். அதன் தொடக்கத்தில் டிரையாக் மூடியிருக்கும். நாம் வைத்த தாமதம் முடிந்ததும் அதன் கேட்டில் ஒரு சிறு துடிப்பு விழும், டிரையாக் திறக்கும், அந்த அரைச்சுற்றின் மீதிப் பகுதி மோட்டாருக்குப் போகும். மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொட்டதும் தானாக மூடிக்கொள்ளும். குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது இந்தத் தாமதத்தை மட்டுமே.

சுற்று

ஃபேஸ் கம்பி முதலில் 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் வழியாகவும், பிறகு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டை முனை ஸ்விட்ச் வழியாகவும் வருகிறது. அங்கிருந்து டிரையாக்கின் எம்டி2 முனைக்குப் போகிறது. எம்டி1 முனையிலிருந்து மோட்டாருக்கு. மோட்டாரின் மறுமுனை ஸ்விட்ச் வழியாக நியூட்ரலுக்கு. மோட்டாரை ஃபேஸ் பக்கம் வைத்து டிரையாக்கை நியூட்ரல் பக்கம் வைத்தாலும் ஓடும்தான். ஆனால் அப்போது குமிழை முழுக்கக் குறைத்து மோட்டார் நின்ற நிலையிலும் பிரஷ்கள் இரண்டும் ஃபேஸில் இருக்கும். அதனால் டிரையாக்கையே ஃபேஸ் பக்கம் வைக்கிறேன்.

டிரையாக்காக BTA12-600B எடுத்துக்கொண்டேன். அரை ஆம்பியருக்கு 12 ஆம்பியர் டிரையாக் எதற்கு என்று கேட்கலாம். பெல்ட் சிக்கி ஆர்மேச்சர் நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தம் இல்லாமல் போய் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். ஃபியூஸ் எரியும்வரை டிரையாக் தாக்குப்பிடித்தாக வேண்டும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதை மின்பிரிப்புப் பகுதியில் சொல்கிறேன்.

தாமதத்தை உண்டாக்கும் பகுதி எம்டி2-க்கும் எம்டி1-க்கும் நடுவில் இருக்கிறது. எம்டி2-லிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குத் தொடராக 220 கிலோ ஓம் நேர்விகிதப் பொட்டென்ஷியோமீட்டர், அதன் முடிவில் எம்டி1-க்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். சாதாரண விளக்கு டிம்மரில் இந்தக் கபாசிட்டரிலிருந்து நேராக DB3 டயாக் வழியாக கேட்டுக்குப் போய்விடுவார்கள். கபாசிட்டரில் ஏறத்தாழ 32 வோல்ட் சேர்ந்ததும் டயாக் உடைந்து கேட்டுக்குத் துடிப்பு போகும்.

அந்தச் சாதாரண அமைப்பைத்தான் நானும் முதலில் கட்டினேன். கம்பி மறுபடியும் அறுந்தது. குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் பாதிவரை ஒன்றும் நடக்காது. பிறகு மோட்டார் திடீரென்று ஓரளவு வேகத்தில் குதித்துக் கிளம்பும். கிளம்பிய பின் குமிழைப் பின்னால் திருப்பினால் இன்னும் குறைந்த வேகத்துக்கும் இறங்கும். காரணம் கபாசிட்டரில் மிச்சம் இருக்கும் மின்னேற்றம். ஒவ்வோர் அரைச்சுற்றிலும் கபாசிட்டர் முந்தைய அரைச்சுற்றின் எதிர் ஏற்றத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் புதிதாக ஏற வேண்டும். டயாக் ஒருமுறை உடைந்தால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு கேட் வழியாக வடிந்துவிடுகிறது. அடுத்த அரைச்சுற்றில் கழிக்க வேண்டியது குறைவு என்பதால் 32 வோல்ட்டைச் சீக்கிரமே எட்டிவிடுகிறது. டிரையாக் முன்பைவிட முன்னதாகத் திறக்கிறது. அதுதான் அந்தக் குதிப்பு.

தீர்வு எளியது. முதல் கபாசிட்டரிலிருந்து 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டாவது கபாசிட்டருக்கு, அதாவது எம்டி1-க்கு இணைத்த 0.047 மைக்ரோ ஃபாரட்டுக்குப் போய், டயாக்கை இந்த இரண்டாவதிலிருந்து எடுக்க வேண்டும். டயாக் உடையும்போது வடிவது இரண்டாவது கபாசிட்டர். முதலாவது அதை உடனே நிரப்பிக் கொடுக்கிறது. குதிப்பு முற்றிலும் மறையாது, ஆனால் கம்பி அறாத அளவுக்குச் சிறியதாகிவிடும். மேலே சொன்ன மதிப்புகளுக்கு, குமிழ் குறைந்த வேக முனையில் இருக்கும்போது இரண்டாவது கபாசிட்டரின் உச்ச மின்னழுத்தம் 31 வோல்ட்டை ஒட்டி நிற்கும் என்று கணக்கு வருகிறது. டயாக் உடைவதும் உடையாததுமான விளிம்பு அது. ஆகவே குமிழின் வீச்சில் வீண்பகுதி மிகக் குறைவு. DB3-இன் உடையும் அளவு 28-லிருந்து 36 வரை மாறக்கூடியது. உங்கள் மோட்டார் அந்த முனையிலும் நிற்காமல் முனகினால், பொட்டென்ஷியோமீட்டருக்குத் தொடராக 22 கிலோ ஓம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கபாசிட்டர்களும் 400 வோல்ட் பிலிம் வகையாக இருக்க வேண்டும். 32 வோல்ட்தானே வரும் என்று எண்ணி 63 வோல்ட் கபாசிட்டர் போடுபவர்கள் இருக்கிறார்கள். டயாக் மின்சாரத்தைக் கடத்தாத நிலையில் பழுதாகிவிட்டால் அந்த 32 வோல்ட் எல்லை போய்விடும். குமிழ் உயர்வேக முனையில் இருந்தால் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் கபாசிட்டர் மேல்தான் விழும். அதே நேரத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடி அரை வாட் வெப்பம் வரும். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 1 வாட் போடுங்கள்.

கடைசியாக ஸ்னப்பர். மோட்டாரின் காயில் காரணமாக மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடப் பின்தங்கி வருகிறது. மின்னோட்டம் பூஜ்யமாகி டிரையாக் மூடும் நேரத்தில் வெளியே மின்னழுத்தம் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் ஏறி நிற்கும். மூடிய கணத்திலேயே அது டிரையாக் மேல் பாய, அந்த வேகத்தில் கேட் துடிப்பு இல்லாமலே டிரையாக் திறந்துகொள்ளலாம். அப்படி நடந்தால் குமிழ் சொல் கேட்காது. மோட்டார் திடீர் திடீரென்று முழு வேகத்துக்குப் பாயும். இதைத் தடுக்க எம்டி1, எம்டி2 நடுவே 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் X2 கபாசிட்டரும் தொடராகப் போடுகிறோம். கபாசிட்டரின் மேல் X2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது நேரடி மின்தடத்துக்கென்றே செய்யப்பட்ட வகை. பழுதானாலும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காதபடி அமைந்தது.

மின்பிரிப்பு: தொடும் இடமும் மின்சாரம் உள்ள இடமும்

மின்பிரிப்பு என்றதும் பலர் டிரான்ஸ்ஃபார்மரை நினைக்கிறார்கள். இந்தச் சுற்றில் முதல் மின்பிரிப்பு, விரலுக்கும் குமிழின் உள்ளே இருக்கும் கார்பன் தடத்துக்கும் நடுவே இருப்பதுதான். உலோகத் தண்டு உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் தடத்துக்கும் தண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பேக்கலைட் தகடு. அது ஆடியோவுக்குச் செய்யப்பட்டது, 230 வோல்ட்டுக்கு அல்ல. பிளாஸ்டிக் தண்டு உள்ளதையே வாங்குங்கள். குமிழும் பிளாஸ்டிக், பெட்டியும் பிளாஸ்டிக். உலோகப் பெட்டிதான் இருக்கிறது என்றால் அதற்கு எர்த் கட்டாயம்.

இரண்டாவது இடம் டிரையாக்கின் முதுகு. BT136 போன்றவற்றில் முதுகுத் தகடு எம்டி2-உடன் நேரடியாக இணைந்தது. அதில் பூட்டும் வெப்பத்தகடு முழுக்க 230 வோல்ட்டில் இருக்கும். BTA வரிசையில் முதுகுத் தகடு உள்ளேயே பீங்கானால் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான் முன்பு சொன்ன வசதி இதுதான். பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு: BTB என்றால் பிரிப்பு இல்லை. கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 0.5 ஆம்பியர் மோட்டாருக்கு டிரையாக்கில் அரை வாட்தான் வெப்பம், வெப்பத்தகடு வேண்டியதில்லை. 750 வாட் மிக்ஸிக்கு மூன்றரை வாட்டுக்கு மேல் வரும், தகடு வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. துளையிட்ட பலகையில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் ஃபேஸையும் நியூட்ரலையும் வைக்காதீர்கள். நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் விடுங்கள். மின்சாரமுள்ள எந்தப் புள்ளிக்கும் விரல் படக்கூடிய எந்த உலோகத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் விடுவது என் வழக்கம். பலகையைப் பெட்டியில் பிடிக்கும் திருகு நைலானாக இருக்கட்டும்.

மோட்டாரின் உடலும் காயில் இயந்திரத்தின் சட்டமும் எர்த்தோடு இணைய வேண்டும். பழைய தையல் மோட்டார்களில் இரண்டு கம்பிதான் வரும். கார்பன் தூள் நாள்பட உள்ளே படிந்து பிரஷ் பிடிப்பானிலிருந்து உடலுக்கு ஒரு கறுப்புப் பாதை போட்டிருக்கும். மூடியைக் கழற்றித் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, உடலில் பெயிண்டைச் சுரண்டி எர்த் கம்பியைத் திருகில் பூட்டினேன்.

கட்டி முடித்ததும், பிளக்கைச் செருகும் முன்

மின்சாரம் இல்லாமலே பாதிப் பிழைகளைப் பிடித்துவிடலாம். பலகையில் சால்டர் செய்யும் முன்பே டிரையாக்கை அளந்துவிடுங்கள். கேட்டுக்கும் எம்டி1-க்கும் நடுவே சில பத்து முதல் சில நூறு ஓம் வரை காட்டும். எம்டி1, எம்டி2 நடுவே எந்தத் திசையிலும் எதுவும் காட்டக் கூடாது. கால்களின் வரிசையை நினைவிலிருந்து போடாதீர்கள். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் BTA12-இல் இடமிருந்து எம்டி1, எம்டி2, கேட். இதில் எம்டி1-ஐயும் எம்டி2-ஐயும் மாற்றிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

அடுத்தது காப்புத் தடையை அளக்கும் மெக்கர். 500 வோல்ட் வீச்சில் வைத்து, ஸ்விட்சைப் போட்ட நிலையில், பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகக் கம்பியால் இணைத்து, அதற்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளக்க வேண்டும். 2 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த மோட்டாரை இணைக்க வேண்டாம். நல்ல மோட்டார் இதைவிடப் பன்மடங்கு காட்டும். அதே போலக் குமிழுக்கும் பெட்டியின் திருகுகளுக்கும் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் வீச்சு சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 230 வோல்ட்டில் உடையும் காப்பை அது நல்லது என்றே காட்டும்.

மின்சாரத்தில் சோதனை

எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு பலகையைவிட நல்ல காவலன் இந்த வேலைக்குக் கிடையாது. சுற்றுக்கு வரும் ஃபேஸில் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடாது. வெடிச்சத்தத்துக்குப் பதிலாக வெளிச்சம் வரும்.

மோட்டாரை இன்னும் இணைக்காமல், அதன் இடத்தில் 60 வாட் இழை பல்பைச் சுமையாகப் போடுங்கள். குமிழைக் குறைந்த முனையில் வைத்து, பெட்டியை மூடி, ஒரு கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போடுங்கள். இரண்டு பல்புகளும் இருட்டாக இருக்க வேண்டும். குமிழைத் திருப்பத் திருப்ப 60 வாட் பல்பின் இழை முதலில் மங்கிய சிவப்பாகி, மெல்ல மஞ்சளுக்கு வரும். 100 வாட் பல்பு கடைசிவரை மங்கலாகவே நிற்கும். 100 வாட் பல்பு பளிச்சென்று எரிந்து 60 வாட் இருட்டாக இருந்தால் சுற்றுக்குள் ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஷார்ட். குமிழ் எங்கிருந்தாலும் 60 வாட் பல்பு ஒரே வெளிச்சத்தில் எரிந்தால் டிரையாக் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது எம்டி1, எம்டி2 மாறியிருக்கலாம். வெளிச்சம் படபடவென்று அடித்துக்கொண்டால், டிரையாக் ஓர் அரைச்சுற்றில் மட்டும் திறக்கிறது என்று பொருள்.

இங்கே ஓர் அளவை எடுத்துப் பாருங்கள். குமிழைச் சரியாகப் பாதி அரைச்சுற்றில், அதாவது 90 டிகிரியில் திறக்கும்படி வைத்தால், பல்புச் சுமையில் உண்மையான மின்னழுத்தம் இது:

```
Vrms = 230 × √(1 − α/π + sin(2α)/(2π))
α = 90°  →  230 × √0.5 = 163 V
```

மலிவான மல்டிமீட்டர் இதே இடத்தில் ஏறத்தாழ 115 வோல்ட் காட்டும். அது சராசரியை அளந்து, முழு சைன் அலை என்று எண்ணிக்கொண்டு ஒரு எண்ணால் பெருக்குகிறது. நறுக்கிய அலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உண்மையான ஆர்.எம்.எஸ். அளக்கும் மீட்டர் இல்லாவிட்டால் வெளியீட்டு எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அதைவிட ஆபத்தான அளவு ஒன்று இருக்கிறது. சுமையைக் கழற்றிவிட்டு, குமிழைக் குறைந்த முனையில் வைத்து, மோட்டார் முனையில் நியான் டெஸ்டரை வைத்தால் எரியும். டிரையாக் மூடித்தான் இருக்கிறது. ஆனால் ஸ்னப்பர் கபாசிட்டர் வழியாக மின்சாரம் கசிகிறது:

```
I = 230 × 2π × 50 × 0.1×10⁻⁶ = 7.2 mA
```

7 மில்லி ஆம்பியர் கையில் நன்றாக உறைக்கும் அளவு. திடுக்கிட்டுக் கையை இழுக்கும்போது வேறெங்கோ மோதிக்கொள்ளும் அளவு. குமிழைக் குறைத்து மோட்டாரை நிறுத்திவிட்டு பிரஷ் மாற்றலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். இந்தச் சுற்றில் குமிழ் ஸ்விட்ச் அல்ல. பிளக்கைக் கழற்றிக் கண்ணெதிரே மேசைமேல் வைத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்ததும் ஸ்னப்பர் கபாசிட்டரில் மிச்சம் இல்லை என்பதை மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பில் எல்லாம் சரியாக வந்தால் 60 வாட்டின் இடத்தில் மோட்டாரை இணைக்கலாம். 100 வாட் சீரியஸ் பல்பு அப்படியே இருக்கட்டும். மோட்டாரை மேசையில் பற்றுக்கருவியால் இறுக்கிவிடுங்கள். சுமையற்ற யுனிவர்சல் மோட்டார் கிளம்பும்போது உதறும். பல்பின் தடையால் மோட்டார் மெதுவாகவே சுழலும். குமிழுக்கு ஏற்ப வேகம் சீராகக் கூடிக் குறைகிறதா, பிரஷ்ஷில் வரும் பொறி சிறியதாக ஓரிடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அது மோட்டாரின் பழுது. சுற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்குப் பிறகுதான் சீரியஸ் பல்பை நீக்கி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள பாயிண்டில் நேரடியாக இணைக்க வேண்டும்.

ஆஸிலோஸ்கோப்பும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும்

அலையைப் பார்க்க ஆசைப்பட்டால் இந்தப் பகுதி கட்டாயம். ஸ்கோப்பின் எர்த் கிளிப் அதன் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு இணைந்தது. அதை எம்டி1-இல் மாட்டி டிரையாக் திறந்த கணத்தில், ஃபேஸ் நேராகக் கிளிப் வழியாக எர்த்துக்குப் பாயும். என் மேசையில் ஒருமுறை அது நடந்தது. ஒரு நீல வெளிச்சம், ஒரு சத்தம். கிளிப்பின் பற்கள் உருகி எம்டி1 காலோடு ஒட்டிக்கொண்டன. ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அளப்பதற்குச் சிலர் சொல்லித்தருவார்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடல் முழுக்க 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

முறையான வழி, சுற்றுக்கு 230-க்கு 230 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் கொடுப்பது. இந்த மோட்டாருக்கு 250 வி.ஏ. போதும். அதன் வெளியீட்டின் இரு முனைகளில் எதையும் எர்த் செய்யக் கூடாது. அப்போது ஸ்கோப் கிளிப் மாட்டும் புள்ளி மட்டும் எர்த் ஆகிறது. மின்சாரம் பாயத் திரும்பும் வழி இல்லை. ஆனால் கிளிப்பை மாட்டிய அந்தக் கணத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் தந்த காப்பும் போய்விடுகிறது. சுற்றின் மற்ற புள்ளிகள் எர்த்தைப் பொறுத்து மீண்டும் 230 வோல்ட்டில் இருக்கும். கிளிப் மாட்டாத நிலையிலும் இரண்டு கம்பிகளை இரண்டு கைகளால் தொட்டால் அடி விழும். அந்த அடியை ஆர்.சி.சி.பி. அறியவே அறியாது, டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் நடக்கும் கசிவு அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கிளிப்பையும் புரோபையும் மின்சாரம் இல்லாதபோது மாட்டி, கையை எடுத்த பிறகு ஸ்விட்சைப் போடுவது என்பதில் எந்த விலக்கும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும்போது காதையும் கொடுத்துக் கேளுங்கள். டிரையாக் ஒரு பக்க அரைச்சுற்றில் மட்டும் திறந்தால் மோட்டார் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக டி.சி. கலந்து ஓடி அதன் இரும்பு நிறைவடையும். உறுமல் தடித்துக்கொண்டே போகும், உடல் சூடாகும், ஃபியூஸ் போகும். உறுமல் மாறியதும் நிறுத்திவிட்டு முதலில் டயாக்கையும் அடுத்து டிரையாக்கையும் மாற்றிப் பாருங்கள்.

எவ்வளவு மெதுவாக ஓட்டலாம்

இந்தச் சுற்றுக்கு மோட்டாரின் வேகம் தெரியாது. நாம் வைத்த தாமதத்தை மட்டும் அது காப்பாற்றுகிறது. குறைந்த வேகத்தில் பெல்ட் புல்லியின்மேல் மரக்கட்டையை லேசாக அழுத்தினால் மோட்டார் சுணங்குவதைப் பார்க்கலாம், எடுத்ததும் பாயும். சலவை இயந்திரங்களில் இதைச் சமாளிக்க மோட்டார் தண்டில் வேகம் அளக்கும் டாக்கோ காயிலும், அதைப் படித்துத் தாமதத்தைத் தானே மாற்றும் TDA1085 போன்ற ஐசியும் வைப்பார்கள். காயில் சுற்றுவதில் கம்பியின் இழுவிசை பெரிதாக மாறுவதில்லை என்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை. மைக்ரோகண்ட்ரோலரால் ஓட்ட விரும்புபவர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: நடுவே வைக்கும் ஆப்டோகப்ளர் MOC3021 ஆக இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும் MOC3041 அலையின் பூஜ்யப் புள்ளியில் மட்டுமே திறக்கும். அதை வைத்து அலையை நறுக்க முடியாது.

உண்மையான எல்லை வெப்பம். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கானால் காற்றும் அதற்கேற்பச் சுருங்கும். ஆனால் சுமையை இழுக்க வேண்டிய மின்னோட்டம் அப்படிக் குறையாது. பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் சுமையோடு ஓட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு உடலில் கை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அந்த வேகம் அந்த மோட்டாருக்கு ஆகாது. என் இயந்திரத்தில் அப்படித்தான் ஆனது. குமிழை மேலும் இறக்குவதற்குப் பதிலாக, காயில் தண்டில் இருந்த பெல்ட் புல்லியைக் கழற்றிவிட்டு அதைப்போல மூன்று மடங்கு விட்டமுள்ளதைப் பூட்டினேன். மோட்டார் இப்போது நடுத்தர வேகத்தில் குளிர்ச்சியாக ஓடுகிறது, பாபின் மெல்ல உருளுகிறது, 36 கேஜ் கம்பி முதல் சுற்றிலிருந்தே இறுக்கம் மாறாமல் படிகிறது.